கல்யாணத்துக்கு அஞ்சு மாசம் இருக்கு, ஆணுறுப்புல மரு திரும்ப வந்திருக்கு. ஊசி போட்டா போயிடுங்களா?

சூலூர்க்காரன்

வணக்கங்க. நேர்ல யார்கிட்டயும் கேக்க முடியல, அதான் இங்க எழுதறேன். வயசு 29. பிப்ரவரில உறுப்போட அடிப்பக்கம், முடி ஆரம்பிக்கற எடத்துல கடுகு அளவுக்கு மூணு மரு தெரிஞ்சுது. ஷேவ் பண்ணப்ப பட்டதுன்னு நெனச்சு விட்டுட்டேன். ஒரே மாசத்துல ஏழு ஆயிருச்சு. அதுல ரெண்டு, மேல காலிஃப்ளவர் மாதிரி சொரசொரப்பா இருந்துச்சு. ஸ்கின் டாக்டர் ரெண்டு நிமிஷம் பாத்துட்டு ஜெனிட்டல் வார்ட், எச்பிவி வைரஸ்னு சொல்லி போடோபிலோடாக்சின் 0.5 சதவீதம் சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாரு. காலைலயும் சாயந்திரமும் வெக்கச் சொன்னாரு. நானும் ஏழு நாள் விடாம வெச்சேன். தோலு வெந்து, உள்ளாடை கூட போட முடியாம ரெண்டு நாள் லீவு போட்டேன். ஏப்ரல்ல புண்ணு ஆறுனப்ப மருவும் போயிருச்சு. ஜூலைல அதே எடத்துல நாலு, விதைப்பை மேல ஒண்ணு திரும்ப வந்திருக்கு.

தை மாசம் கல்யாணம். பொண்ணுக்கு 24 வயசு. எனக்கு முன்னாடி ஒரு பழக்கம் இருந்துச்சு, அது முடிஞ்சு மரு வரும்போதே ஒண்ணேகால் வருஷம் ஆச்சு. எப்பவும் காண்டம் போட்டுத்தான். அதுக்கப்புறம் யாரும் இல்ல. அப்ப இது எங்கிருந்து வந்துச்சு? எச்பிவி தடுப்பூசி போட்டா இது போயிடுமா? அந்தப் பொண்ணுக்கு வந்துருமா? இந்த மூணுதான் ராத்திரி தூங்க விடமாட்டேங்குது.

நம்பியூர் நாகா

பாஸ், மொதல்ல பயப்படாதீங்க. மரு வர வெக்கற டைப் வேற, கேன்சர் வர வெக்கற டைப் வேற. மருவுக்கு 6, 11. கேன்சருக்கு 16, 18.

ஆனா காண்டம் போட்டிருந்தா வர சான்ஸே இல்ல. ஒண்ணு எப்பவாவது போடாம இருந்திருப்பீங்க, இல்ல பாத்ரூம், டவல்னு எங்கயாவது ஒட்டியிருக்கும். லேப்ல எச்பிவி டெஸ்ட் எடுங்க, நெகட்டிவ்னா நிம்மதியா கல்யாணம் பண்ணுங்க. ஊசியும் போட்டுக்குங்க. என் ரூம்மேட் ஊசி போட்ட ரெண்டு மாசத்துல எல்லாம் உதிர்ந்துருச்சு.

தென்னந்தோப்பு

மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பால் வெச்சா போதும் தம்பி. எனக்கு கழுத்தைச் சுத்தி பத்து பதினைஞ்சு மரு இருக்கு, சட்டைக் காலர் பட்டா எரியுது. தினமும் ரெண்டு சொட்டு வெக்கறேன், ரெண்டு விழுந்துருச்சு. மத்ததுக்கு என்ன பண்ணலாம்னு யாராச்சும் சொல்லுங்க.

ஓபி சீட்டு

அரசு மருத்துவமனை பால்வினை நோய்ப் பிரிவில் 18 வருஷம் டாக்டராக இருந்தவள். சூலூர்க்காரன் தம்பிக்குத்தான் முதலில் பதில்.

உங்கள் மருந்து தோற்கவில்லை, உங்களுக்குச் சொன்ன விதம்தான் சரியில்லை. அந்தச் சொட்டு மருந்தைக் காலை மாலை மூன்று நாள் வைக்க வேண்டும், அடுத்த நான்கு நாள் வைக்கவே கூடாது. அந்த நான்கு நாளில்தான் வெந்த தோல் ஆறும். இப்படி ஒரு வாரம் ஒரு சுற்று, அதிகபட்சம் நான்கு சுற்று. நீங்கள் ஏழு நாளும் வைத்ததால் மருவோடு சேர்த்து நல்ல தோலையும் வேகவைத்துவிட்டீர்கள். எங்கள் ஓபியில் வாரத்துக்கு ஒருவராவது இப்படி வருவார். அதனால் தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றி, மருவின் தலையில் மட்டும் தொட்டு வை, காற்றில் காயவிட்டு அப்புறம் உள்ளாடை போடு என்று செய்து காட்டித்தான் அனுப்புவேன்.

நல்ல மருந்தைச் சரியாக வைத்தாலும் திரும்ப வரும் என்பது வேறு விஷயம். நாம் எரிப்பதும் உறையவைப்பதும் கண்ணுக்குத் தெரியும் மருவைத்தான். வைரஸ் தோலின் அடியடுக்கில் இருக்கிறது. பக்கத்தில் பார்க்க நன்றாக இருக்கும் தோலிலும் இருக்கும். பாத்தியில் களையை வெட்டினால் வேர் இருப்பது போல. அதனால் நான்கில் ஒருவருக்கு, சில சிகிச்சையில் அதற்கும் மேலாக, திரும்ப வருகிறது. வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும். உங்களுக்கு ஏப்ரல் போய் ஜூலை, கணக்கு சரியாக இருக்கிறது. புதிதாக எங்கிருந்தோ ஒட்டியது என்று யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

முதலில் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். தொற்றியபின் மரு தெரிய வழக்கமாக இரண்டு மூன்று மாதம். ஆனால் ஒரு வருஷம், அதற்கும் மேல் ஆகி வந்தவர்களும் உண்டு. உங்கள் ஒண்ணேகால் வருஷம் அதிகம்தான், நடக்காதது அல்ல. யாரிடமிருந்து, எந்தத் தேதியில் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. முன்பு உங்களோடு பழகிய பெண்ணுக்கும் தனக்கு இருந்தது தெரியாமலே இருந்திருக்கலாம். இந்த வைரஸ் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு மருவே வராது.

நாகாவுக்கு: 6, 11 பற்றிச் சொன்னது சரி. பத்து மருவில் ஒன்பதுக்கு அந்த இரண்டும்தான் காரணம். ஆனால் காண்டம் பற்றிச் சொன்னது தவறு. இது விந்து வழியாகப் பரவுவது அல்ல, தோலும் தோலும் உரசிப் பரவுவது. தம்பிக்கு மரு எங்கே வந்திருக்கிறது பாருங்கள், அடிப்பக்கத்திலும் விதைப்பையிலும். காண்டம் மூடாத இடம். அபாயத்தைக் குறைக்கும், அறவே தடுக்காது. டவல், டாய்லெட் சீட் கதைகளை விட்டுவிடலாம். ஆண்களுக்கு லேபில் எடுக்கும் எச்பிவி டெஸ்டால் பிரயோஜனம் இல்லை. நெகட்டிவ் வந்தால் இல்லை என்று அர்த்தமில்லை, பாசிட்டிவ் வந்தால் செய்வதற்கும் ஒன்றுமில்லை. அந்தப் பணத்தில் சிஃபிலிஸ், எச்ஐவி டெஸ்ட் எடுங்கள். இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

தென்னந்தோப்பு ஐயா, உங்கள் கழுத்தில் இருப்பது தோல் தொங்கல், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள், அதோடு சேர்ந்து வரும். அந்தப் பாலைத் தயவுசெய்து இடுப்புக்குக் கீழே யாருக்கும் சொல்லாதீர்கள்.

பெயர் வேண்டாம் 77

மேடம் சொல்றதுக்கு நான் சாட்சி. எனக்கு 2019ல வந்துச்சு. வெக்கப்பட்டுட்டு மெடிக்கல்ல போய் கால் ஆணிக்கு வெக்கற மருந்து வாங்கிட்டு வந்து வெச்சேன். அரை மணி நேரத்துல கத்திட்டேன். மூணு வாரம் புண்ணு, நெறி கட்டிருச்சு. அதுக்கப்புறம் டாக்டர் பாத்துட்டு, நான் மருன்னு நெனச்சதுல பாதி மருவே இல்லன்னுட்டாரு. மொட்டோட விளிம்பைச் சுத்தி வரிசையா முத்து கோத்த மாதிரி எல்லாம் ஒரே அளவுல இருந்துச்சு. அது இயற்கையாவே நிறைய ஆம்பளைங்களுக்கு இருக்குமாம், ஒண்ணும் பண்ண வேண்டாமாம். நான் அதுக்கும் சேத்து மருந்து வெச்சுட்டேன்.

ஓபி சீட்டு

ஆமாம், கல்யாணம் நிச்சயமானதும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அந்த முத்து வரிசைக்காக ஓடிவரும் பையன்கள் ஏராளம். அது வரிசையாக, ஒரே சீராக, வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். மரு சிதறி வரும், ஒன்று பெரிது ஒன்று சிறிது, வாரத்துக்கு வாரம் மாறும்.

அதைவிட முக்கியமான இன்னொரு குழப்பம் உண்டு. தட்டையாக, அகலமாக, ஈரமாக, சாம்பல் நிறத்தில் மரு போலவே சிஃபிலிஸிலும் வரும். அதில் போய் மருந்து வைத்து எரித்துக்கொண்டிருந்தால் ஒரு பென்சிலின் ஊசியில் தீர வேண்டிய நோய் உள்ளே வளரும். இரத்தப் பரிசோதனை சொன்னது அதற்காகத்தான்.

சூலூர்க்காரன்

மேடம், ரொம்ப நன்றிங்க. சிஃபிலிஸ், எச்ஐவி ரெண்டும் ஏப்ரல்லயே எடுத்தாச்சு, நெகட்டிவ். இப்ப அதே சொட்டு மருந்தை சரியான முறைல திரும்ப வெக்கறதா, இல்ல கரண்ட் வெச்சு சுடறதா? இப்ப பாக்கற டாக்டர் நைட்ரஜன்னு என்னமோ சொன்னாரு. வலிக்குமா?

ஓபி சீட்டு

ஐந்து சின்ன மருவுக்கு நைட்ரஜன் நல்லது. தெர்மாஸ் குடுவை மாதிரி ஒன்றிலிருந்து பீய்ச்சுவார்கள். மரு வெள்ளையாக உறையும், சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நல்ல தோலும் சேர்ந்து வெளுக்கும். அது இளகியதும் இன்னொரு முறை. ஐஸ் கட்டியை நாக்கில் ஒட்டவைத்தது போல முதலில் சுருக்கென்று இருக்கும், அப்புறம் எரியும். மறுநாள் கொப்புளம் வரலாம், அதைக் குத்தாதீர்கள். ஒரு வாரம் பத்து நாளில் கருத்து உதிரும். ஒரே தடவையில் முடியாது, ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என மூன்று நான்கு முறை போக வேண்டியிருக்கும். ஆறு முறை போயும் அசையவில்லை என்றால் வழியை மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்ய இமிக்விமோட் கிரீம் இருக்கிறது. வாரத்தில் மூன்று இரவு, ஒன்றுவிட்டு ஒரு நாள் தடவி காலையில் கழுவ வேண்டும். மருவைச் சுடாது, நம் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும். தோல் சிவந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம், பயந்து நிறுத்திவிடுவார்கள். 16 வாரம் வரை இழுக்கும், விலையும் கூட. எது மேல் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இதுதான் என்று சொல்ல எதுவும் இல்லை. டாக்டருக்குக் கைவந்தது எது, நீங்கள் ஒழுங்காகச் செய்யக்கூடியது எது என்பதுதான் கணக்கு.

முடிகிற வரை அந்த இடத்தில் ரேசர் வைக்காதீர்கள். பிளேடு கீறிய கோட்டிலேயே வரிசையாக மரு முளைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

நம்பியூர் நாகா

சரிங்க மேடம், காண்டம் மேட்டர் ஒத்துக்கறேன். ஆனா ரூம்மேட்டுக்கு ஊசில போச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?

ஓபி சீட்டு

எதுவுமே செய்யாமல் விட்டாலும் ஒரு பங்கு பேருக்குச் சில மாதத்தில் தானாக உதிர்ந்துவிடும். உங்கள் ரூம்மேட் அந்தப் பங்கில் இருந்திருக்கலாம். தடுப்பூசி வெளியே திரியும் வைரஸ் செல்லுக்குள் நுழையாமல் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே புகுந்ததை அது தொடாது. சிகிச்சையோடு சேர்த்துப் போட்டால் திரும்ப வருவது குறையுமா என்று பிரிட்டனில் 500 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2020ல் முடிவு வந்தது. உறுதியாகப் பலன் உண்டு என்று சொல்லும்படி வரவில்லை, இல்லவே இல்லை என்றும் முடிக்க முடியவில்லை. என்னோடு வேலை பார்த்த டாக்டர் ஒருவர் திரும்பத் திரும்ப வருபவர்களுக்குப் போடுவார். நான் போட்டதில்லை. எங்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு.

வடுவூர் வாத்தியார்

எனக்கு 13 வயசுல ஒரு பையன். குழந்தைகள் டாக்டர் இந்த ஊசியைப் போடலாம்னு சொன்னார். கருப்பை வாய்ப் புற்றுநோய் ஊசியை ஆம்பளப் பையனுக்கு எதுக்குப் போடணும், இது மருந்துக் கம்பெனி வியாபாரம்னு வந்துட்டேன். இந்த இழையைப் படிச்சப்புறம் கொஞ்சம் யோசனையா இருக்கு. இருந்தாலும் கேக்கறேன், பெண்களுக்குப் போட்டாலே போதாதா?

யாரா கரையோரம்

வாத்தியார், நான் மெல்பர்னில் நர்ஸ். பள்ளிக்கூடங்களில் இதே ஊசியைப் போட்டுத்தான் கை காய்த்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இங்கே நடந்ததே பதில், அதுவும் இரண்டு பக்கமும் வெட்டும் பதில்.

ஆஸ்திரேலியா 2007ல் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் இலவசமாகப் போட ஆரம்பித்தது. அப்போது போட்டது 6, 11, 16, 18 நான்கையும் தடுக்கும் ஊசி. பால்வினை கிளினிக்குகளுக்கு முதல்முறையாக வந்த 21 வயதுக்குட்பட்ட பெண்களில் 2007ல் 11.5 சதவீதம் பேருக்கு மரு இருந்தது. 2011ல் அது 0.85. ஊசியே போடாத, பெண்களோடு மட்டும் உறவு வைத்த அதே வயது ஆண்களுக்கு 12.1ல் இருந்து 2.2க்கு இறங்கியது. அந்தப் பையன்களுக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை, பெண்கள் போட்ட ஊசி அவர்களைக் காப்பாற்றியது. இங்கே பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களுக்குக் காட்ட மரு கேஸ் கிடைப்பதில்லை என்று எங்கள் கிளினிக்கில் பெரியவர்கள் சொல்வார்கள்.

வடுவூர் வாத்தியார்

அப்ப நான் சொன்னதுதானே சரி! பெண்களுக்குப் போட்டாலே பையன்கள் தப்பிச்சாங்க.

இரவுப்பறவை

வாத்தியார் சார், அந்தக் கணக்கில் இன்னொரு வரி உண்டு, அக்கா விட்டுவிட்டார். ஆண்களோடு உறவு வைக்கும் ஆண்களுக்கு அதே வருஷங்களில் மரு குறையவில்லை. பெண்கள் போட்ட ஊசி எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. எனக்கு ஆசனவாயில் வந்தது. மூலம் என்று நினைத்து எட்டு மாதம் மூலத்துக்கு மருந்து சாப்பிட்டேன். பார்த்த டாக்டர் யாரும் உறவு பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் உள்ளே குழாய் வைத்துப் பார்த்துத்தான் தெரிந்தது. மயக்கம் கொடுத்துச் சுட்டார்கள். உங்கள் பையன் நாளைக்கு யாரை விரும்புவான் என்று உங்களுக்கு இப்போது தெரியாது. 13 வயதில் அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

யாரா கரையோரம்

உண்மை, விட்டது என் தவறு. அந்தக் காரணத்தையும் சேர்த்துத்தான் 2013ல் இங்கே பையன்களுக்கும் ஆரம்பித்தார்கள். ஆசனவாய், ஆணுறுப்பு, தொண்டைப் புற்றுநோய்களிலும் 16ஆம் டைப்புக்குப் பங்கு உண்டு, அது தனிக் கதை.

வாத்தியார், இன்னொன்று. இங்கே பையன்கள் ஓசியில் தப்பித்தது, பெண்களில் பெரும்பங்கு பேர் போட்டதால். ஊரில் உங்கள் பையன் வகுப்புப் பெண்களில் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

வடுவூர் வாத்தியார்

என் வகுப்பில் 31 பெண் பிள்ளைகள். கேட்க வேண்டியதில்லை, தெரியும். செலவு எவ்வளவு ஆகும்?

ஓபி சீட்டு

சீரம் இன்ஸ்டிடியூட்டின் செர்வாவாக் 2022ல் அனுமதி பெற்றது. 9 வயதிலிருந்து 26 வரை, ஆண் பெண் இருவருக்கும். மரு வரவைக்கும் 6, 11 இரண்டும் அதில் இருக்கிறது. தனியாரில் டோஸ் 2000 ரூபாய் வாக்கில் இருக்கும். 9 டைப் தடுக்கும் வெளிநாட்டு ஊசி அதைவிடப் பல மடங்கு விலை. 15 வயது ஆவதற்குள் ஆரம்பித்தால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் போதும், அதற்கு மேல் மூன்று. உங்கள் பையனுக்கு இரண்டு. வியாபாரம் இல்லாத மருந்து எது வாத்தியார்?

சூலூர்க்காரன் தம்பி, உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அந்தப் பெண்ணுக்கு 24, அனுமதித்த வயதுக்குள் இருக்கிறாள். இப்போது முதல் டோஸ், இரண்டு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. கல்யாணத்துக்கு முன் இரண்டு டோஸ் உள்ளே போயிருக்கும். இதுவரை இந்த வைரஸ் படாத உடம்பில் இந்த ஊசி மிக நன்றாக வேலை செய்யும். எல்லாச் செலவிலும் உருப்படியான செலவு இதுதான். உங்களுக்கு 29, இங்கே அனுமதித்த வயதைத் தாண்டிவிட்டீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் டைப்புக்கு அது உதவவும் செய்யாது. போட்டே ஆகவேண்டும் என்றால் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள், நான் வற்புறுத்த மாட்டேன். மரு போய் மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம் திரும்ப வராமல் இருந்தால் பரவும் அபாயம் நன்றாகக் குறைந்திருக்கும். பூஜ்யம் ஆகிவிட்டது என்று எழுதிக் கொடுக்கத்தான் முடியாது.

நம்பியூர் நாகா

பொண்ணு வீட்டுல என்னன்னு சொல்லி ஊசி போடச் சொல்றது? கல்யாணம் நின்னுரும் பாஸ். கேன்சர் தடுப்பூசி, எல்லாரும் போடறாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்லையே.

பெயர் வேண்டாம் 77

நான் அப்படித்தான் மறைச்சேன். கல்யாணமாகி நாலு மாசத்துல அவங்களுக்கு வந்துச்சு, அப்ப அவங்க கர்ப்பமா இருந்தாங்க. கர்ப்பத்துல மரு வேகமா பெருசாகும். அந்தச் சொட்டு மருந்தையும் வெக்கக் கூடாது. நைட்ரஜன் மட்டும்தான் வெச்சாங்க. மருவை விட, எங்கிருந்து வந்துச்சுன்னு அவங்க கேட்ட அந்தக் கேள்விதான் இன்னும் எங்க வீட்டுல இருக்கு.

ஓபி சீட்டு

நாகா சொன்னதும் பொய்யில்லை, 77 சொன்னதும் அனுபவம். நான் பார்த்ததில் சொன்னவர்களில் சிலருக்குக் கல்யாணம் நின்றது, பலருக்கு நிற்கவில்லை. டாக்டராக ஒன்றுதான் சொல்வேன்: சொல்வதானால் 'எனக்கு இது இருந்தது, சிகிச்சை எடுக்கிறேன், உனக்கு ஊசி இருக்கிறது' என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள், பெரியவர்கள் வழியாகப் போக வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு 30 வயதில் கருப்பை வாய்ப் பரிசோதனையை அவள் தவறவிடக் கூடாது, ஊசி போட்டிருந்தாலும்.

சூலூர்க்காரன்

ஆறு வாரம் கழிச்சு எழுதறேங்க. நைட்ரஜன் மூணு தடவை ஆச்சு. நாலு போயிருச்சு. அடிப்பக்கம் இருந்ததுல ஒண்ணு இன்னும் அரிசி முனை அளவுக்கு இருக்கு. புதுசா ஒண்ணும் வரல. டாக்டர் அடுத்த புதன் வரச் சொல்லியிருக்காரு. விதைப்பைல வெச்சப்பதான் நல்லா வலிச்சுது, மத்தது தாங்கற மாதிரிதான்.

அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். பேக்கரில வெச்சு, டீ ஆறுற வரைக்கும் வாய் வரல. கேட்டுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம் 'அந்த ஊசி எங்க போடறாங்க'ன்னு மட்டும் கேட்டுச்சு. போன வாரம் மொத டோஸ் போட்டுக்கிச்சாம், மெசேஜ் வந்துச்சு. அதுக்கப்புறம் போன் எடுக்கல. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல எல்லாரும் அவங்க வீட்டுக்குப் பத்திரிகை மாடல் பாக்கப் போறோம்.

தென்னந்தோப்பு

சர்க்கரை பாத்தேன் மேடம், வெறும் வயித்துல 168. மாத்திரை குடுத்திருக்காங்க. கழுத்து மரு அப்படியேதான் இருக்கு.